முதுமை பற்றி ஒரு நீள்கவிதை, அடிக்குப் பத்தெழுத்து, இயைபு இல்லாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாங்க் வெர்ஸ் என்பதும் புதுக்கவிதை என்பதும் ஒன்றுதானே?

இல்லை. புதுக்கவிதையில் அடியின் நீளத்தை அந்தந்த இடத்தில் கவிஞர் முடிவு செய்கிறார். நாம் இங்கே தமிழுக்குக் கொண்டுவரும் ஆங்கில வடிவமான பிளாங்க் வெர்ஸில் அது முன்பே முடிவாகிவிட்டது. இயைபு, அதாவது அடி இறுதியில் ஓசை ஒன்றுவது மட்டும்தான் கிடையாது, அளவு கண்டிப்பாக உண்டு. ஆங்கிலத்தில் அந்த அளவு பத்து சிலபிள். மெலிந்தது ஒன்று, அழுத்தம் பெற்றது ஒன்று என்று ஐந்து இணைகளாக வரும். 16ஆம் நூற்றாண்டில் சர்ரே பிரபு வர்ஜிலின் காவியத்திலிருந்து இரண்டு காண்டங்களை இந்த அளவில் மொழிபெயர்த்தார். அதன்பின் நாடகத்துக்கும் காவியத்துக்கும் இதுவே வழக்கமான நடையாகிவிட்டது.

முதுமைக்கு இந்த வடிவம் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இயைபு வந்தால் ஒவ்வொரு இரண்டடியிலும் ஒரு விஷயம் முடிந்த மாதிரி ஒலிக்கும். வயதானவர் யோசனை அப்படி முடியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், திரும்பி வரும். அளவு அதைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் முடித்து வைக்காது. டென்னிசன், ஃப்ராஸ்ட் இருவருமே முதியவர்களைப் பற்றி எழுதும்போது இதைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

பத்து என்று எதை எண்ணுவது? நேர், நிரை என்று அசை பிரித்தா?

வேண்டாம். நிரையசையில் இரண்டு உயிர் இருக்கிறது, நேரசையில் ஒன்றுதான் இருக்கிறது. அப்படி எண்ணினால் கணக்கு ஆங்கிலத்தின் சிலபிளோடு ஒத்துவராது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள், போதும். ‘கண்ணாடி’ என்றால் க, ணா, டி, ஆக மூன்று. ‘நெற்றிமேல்’ என்றாலும் மூன்று.

இது இறக்குமதிக் கணக்கும் இல்லை. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று விதி. அபிராமி அந்தாதியின் முதல் அடியை எண்ணிப் பாருங்கள், சரியாக 17 வரும். நாம் அதே முறையில் எண்ணி 10-இல் நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

‘எனக்கு உள்ள’ என்பதை நான்காக வைப்பதா, ஐந்தாகவா?

பிரித்து எழுதினால் எ, ன, கு, உ, ள என ஐந்து. சேர்த்து ‘எனக்குள்ள’ என்றால் நான்கு. குற்றியலுகரத்துக்குப் பின்னால் உயிர் வந்தால் உகரம் கெடும். வாயும் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே என் ஆலோசனை, அந்த மாதிரி இடங்களில் எல்லாம் சேர்த்து எழுதிச் சேர்த்தே எண்ணுங்கள். ‘மாலையில். அப்போது அவளுக்கு’ என்ற அடி கண்ணுக்குப் பத்து. வாய்விட்டுப் படித்தால் ‘அப்போதவளுக்கு’ என்றாகி ஒன்பதாகிவிடும். ஒரு பக்கத்தில் பிரித்தும் அடுத்த பக்கத்தில் சேர்த்தும் வசதிப்படி எண்ணினால் கவிதை முழுவதும் அளவு ஆடிக்கொண்டே இருக்கும். கேட்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தட்டும்.

வாக்கியம் முடிந்து முற்றுப்புள்ளி வந்த இடத்திலும், அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்திலும் மட்டும் சேர்க்க வேண்டாம். அங்கே மூச்சு நிற்கிறது.

ஆங்கிலத்தில் அழுத்தம் இருக்கிறது. தமிழில் அது இல்லையே, பத்து எண்ணி என்ன பயன்?

நியாயமான கேள்வி. தமிழில் பத்தெழுத்து என்பது நேரத்துக்கான அளவு இல்லை. கீழே உள்ள இரண்டு அடிகளையும் சத்தமாகப் படியுங்கள்.

நொடியில் படி கடந்த கதை

தூணில் சாய்ந்து மூச்சு வாங்கி நின்றேன்

இரண்டுமே பத்துதான். முதல் அடியில், கடைசியில் குறுகி ஒலிக்கும் ‘தை’யைத் தவிர, நெடில் ஒன்றுகூட இல்லை, ஒற்றும் இரண்டுதான். இரண்டாவதில் நெடில் ஐந்து, ஒற்று ஏழு. அதைச் சொல்லி முடிக்கவே கூடுதல் நேரம் வேண்டும். எண்ணிக்கை மாறாமல் இருப்பதால்தான் இந்த வேக வித்தியாசம் காதில் விழுகிறது. அடி நீளமும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருந்தால் எது எதனால் மெதுவானது என்று தெரியாது. இளமையைச் சொல்லும் அடிகளைக் குறிலால் ஓடவிட்டு, இன்றைய உடம்பைச் சொல்லும் அடிகளை நெடிலாலும் ஒற்றாலும் நிறுத்தலாம். ஒரு சொல்கூட விளக்காமல் வாசகரின் மூச்சே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாவது அடியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. இரண்டெழுத்துச் சொற்கள் ஐந்து வந்துவிட்டன. ஆங்கில அளவின் ஐந்து தட்டுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆசையாக இருக்கும், ஆனால் தொடர்ந்து நான்கு அடி இப்படிப் போட்டால் கும்மி தட்டுகிற மாதிரி ஆகிவிடும். எப்போதாவது ஒன்று வந்தால் நன்று. ஆங்கிலத்தின் தட்டைத் துரத்த வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இயைபே வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் எல்லா அடியும் ‘ஏன்’ ‘ஏன்’ என்றே முடிகிறது. என்ன செய்ய?

எழுத உட்காரும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது, தமிழின் அமைப்பிலிருந்தே வருகிறது. நம் வாக்கியம் வினைமுற்றில் முடியும். ஒரு அடிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதினால் அடிதோறும் விகுதி வந்து நிற்கும். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

காலையில் மெதுவாக எழுந்தேன்
கண்ணாடியை எங்கெங்கோ தேடினேன்
நெற்றிமேல் இருப்பதை உணர்ந்தேன்
யாருமற்ற வீட்டிலே சிரித்தேன்

எண்ணிக்கையில் பிழை இல்லை, நான்கும் பத்து. ஆனால் இது இயைபுத் தொடை, அதிலும் வேண்டாமல் வந்த இயைபு. சிறுவர் பாட்டு மாதிரி துள்ளுகிறது, விஷயமோ துள்ளுகிற விஷயம் இல்லை. அதே செய்தியை அடிகளுக்குக் குறுக்கே ஓடவிட்டால்:

எழுந்ததும் கைநீட்டித் தேடிய
கண்ணாடி நெற்றிமேல். யாருமற்ற
வீட்டில் சிரித்தேன். அதே சிரிப்பை
அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், நான்
கோபத்தோடு சாவி தேடித் தந்த
அன்று மாலை. அப்போதவளுக்கு
இன்றெனக்குள்ள இதே வயது.

ஏழு அடி, ஒவ்வொன்றும் பத்து. என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘தேடிய’ என்று பெயரெச்சத்தில் அடி முடிகிறது. எதைத் தேடினார் என்று தெரிய அடுத்த அடிக்குப் போக வேண்டும். கை தேடும் நேரம் வாசகருக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. ‘கண்ணாடி நெற்றிமேல்’ என்பதில் வினையே இல்லை. ‘இருந்தது’ என்று சொல்லாவிட்டாலும் தமிழில் வாக்கியம் நிற்கும், விகுதித் தொல்லைக்கு இதைவிட எளிய மருந்து கிடையாது. ‘சிரித்தேன்’ அடியின் நடுவுக்குப் போய்விட்டது. நடுவில் நிற்கிற விகுதி யாரையும் உறுத்தாது.

நான்காம் அடியைக் கவனியுங்கள். ‘கேட்டிருக்கிறேன்’ என்று வினைமுற்று வந்த பிறகும் வாக்கியம் முடியவில்லை. எப்போது கேட்டேன் என்பது பின்னால் தொங்குகிறது. நாம் பேசுவது அப்படித்தான், ‘பார்த்தேன் அவரை, நேத்து, கடைத்தெருவுல’ என்கிறோம். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் பெரும்பாலும் முதலிலேயே வந்துவிடும். பிறகு எத்தனை அடிக்கு நீட்டினாலும் வாசகருக்குப் பிடி இருக்கும். வாக்கியங்கள் அங்கே பல அடிகளுக்கு ஓட முடிவது அதனால்தான். தமிழில் வினையைக் கடைசிவரை தள்ளி வைத்து அப்படி நீட்டினால் ஆறாவது அடியில் வாசகருக்கு யார், என்ன என்பதே மறந்துபோகும். வினையை முன்னால் சொல்லிவிட்டு மற்றதைப் பேச்சு வழக்கம்போல் பின்னால் சேர்த்துக்கொண்டே போவதுதான் நமக்கு நீண்ட வாக்கியம் எழுத வழி. வயதானவர்கள் நினைவு சொல்லும் முறையும் அதுவே.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. தேடிய, யாருமற்ற, தந்த என்று ஏழில் மூன்று அடி அகரத்தில் முடிகிறது. ஏழு அடியில் இது தாங்கும். நூறு அடியிலும் பெயரெச்சத்தையே வெட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு புது இயைபாகிவிடும். ஒரு பக்கம் எழுதியதும் கடைசிச் சொற்களை மட்டும் தனியாக ஒரு தாளில் மேலிருந்து கீழ் எழுதிப் பாருங்கள். ஒரே ஓசை அடுத்தடுத்து வந்தால் உடனே தெரியும்.

அடியின் நடுவில் எங்கே நிறுத்தலாம்? விதி உண்டா?

விதி இல்லை, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். மேலே உள்ள ஏழு அடியில் முற்றுப்புள்ளி இரண்டாம் அடியில் ஆறெழுத்துக்குப் பின் விழுகிறது. மூன்றாவதில் ஐந்துக்குப் பின், ஆறாவதில் நான்குக்குப் பின். நான்காம் அடியில் நிறுத்தம் ஒன்பதுக்குப் பின் வந்து, ‘நான்’ மட்டும் விளிம்பில் தனியாக நிற்கிறது. அம்மாவைக் கோபித்தது யார் என்று அந்த இடைவெளியில் தெரிகிறது. முதல் அடியிலும் ஐந்தாம் அடியிலும் நிறுத்தமே இல்லை. எல்லா அடியும் ஐந்து, ஐந்தாக உடைந்தால் பத்தெழுத்து அடி என்பதே போய் ஐந்தெழுத்துக் குறட்டை ஆகிவிடும்.

எதுகை, மோனையையும் விலக்க வேண்டுமா?

மோனை தானாக வந்தால் இருக்கட்டும். ‘வீட்டில் சிரித்தேன். அதே சிரிப்பை’ என்பதில் சி இரண்டு முறை வருகிறது, அது நல்லதுதான். அடிதோறும் எதுகை வைத்தால் மட்டும் தமிழ்க் காது அதைச் செய்யுளாகக் கேட்கத் தொடங்கிவிடும். ஓசையை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டால் யோசனை காதில் விழாது. வாலில் இயைபை எடுத்துவிட்டுத் தலையில் எதுகையைக் கட்டினால் என்ன லாபம்?

ஒன்பதில் நின்றுவிடுகிறது. ‘ஏ’ சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. ‘ஏ’, ‘தான்’, ‘மெல்ல’, ‘அந்த’ எல்லாம் முதலில் உதவுகிற மாதிரி வந்து பிறகு கவிதையையே ஊதிவிடும். மேலே முதல் வரைவில் ‘வீட்டிலே’ என்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஏகாரத்துக்கு எண்ணிக்கையை நிரப்புவதைத் தவிர வேலை இல்லை.

அதற்குப் பதில் பொருள் மாறாமல் நீளம் மாறும் இடங்களைத் தேடுங்கள். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு விருப்பம்தான். ‘கண்ணாடி தேடினேன்’, ‘கண்ணாடியைத் தேடினேன்’ இரண்டும் சரி, ஒரு எழுத்து கூடும் அல்லது குறையும். ‘கோபத்தில் சாவி தேடித் தந்த’ ஒன்பதுதான் வந்தது, ‘கோபத்தோடு’ என்றதும் பத்து ஆனது. மூப்பு இரண்டு, முதுமை மூன்று, வயோதிகம் நான்கு. கிழவர் மூன்று, பெரியவர் நான்கு. ஆனால் கிழவரும் பெரியவரும் ஒன்றில்லை என்பது எண்ணும்போது மறந்துபோகும், கவனம். காலத்தை மாற்றியும் சரிசெய்யலாம்: தேடினேன் மூன்று, தேடுகிறேன் நான்கு, தேடியிருந்தேன் ஐந்து. அதைக் கடைசி வழியாக வையுங்கள். முதுமைக் கவிதையில் காலம்தான் பொருளே. எண்ணிக்கைக்காக அதைத் தொட்டால் அன்று நடந்தது இன்று நடப்பதாகிவிடும்.

ஆங்கிலத்தில் அடி இறுதியில் மெலிந்த பதினோராவது சிலபிள் தாராளமாக வரும். தமிழில் நூறு அடிக்கு இரண்டு மூன்று பதினொன்று வந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். முதல் இருபது அடியில் மட்டும் வரக்கூடாது, வாசகரின் காது அங்கேதான் பழகுகிறது.

முந்நூறு அடி எழுத ஆசை. எங்கே பிரிப்பது?

சம அளவுக் கண்ணிகளாகப் பிரிக்காதீர்கள். இந்த வடிவத்தில் அலகு பத்திதான், உரைநடைப் பத்தி போலவே. ஒன்று ஒன்பது அடி இருக்கலாம், அடுத்தது முப்பது. ஒரு யோசனை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு. பத்திக்குள் வாக்கியங்கள் பெரும்பாலும் அடி நடுவில் முடியட்டும். பத்தி முடியும் இடத்தில் மட்டும் வாக்கியமும் அடியும் ஒன்றாக முடியட்டும். மேலே ‘இதே வயது’ என்ற இடத்தில் அதுதான் நடக்கிறது. அந்த ஒரே இடத்தில் காலடி நிலத்தில் படுகிற உணர்வு வரும்.

நீளத்தைத் தாங்க நிகழ்ச்சிக் கோவை தேவையில்லை, கண்முன் ஒரு பொருள் வேண்டும். கண்ணாடி, மாத்திரை டப்பா, மாடிப்படி, சாவி. ஒவ்வொரு பத்தியும் ஒரு பொருளில் தொடங்கி நினைவுக்குப் போய், அங்கிருந்து ஒரு யோசனைக்கு வந்து, மறுபடி பொருளைத் தொடாமலேகூட முடியலாம். யோசனை மட்டுமே மூன்று பத்தி தொடர்ந்தால் கவிதை கட்டுரையாகிவிட்டது என்று அர்த்தம். கண்டுபிடிப்பது சுலபம். கையால் தொடக்கூடிய பொருளின் பெயர் ஒன்றுகூட இல்லாத பத்தியைத் தேடுங்கள்.

எப்படி எழுதினாலும் புலம்பலாகிவிடுகிறது, இல்லாவிட்டால் உபதேசம்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் படியுங்கள், தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. ஒரு முதியவர் பேசுகிறார். பாட்டின் பெரும்பகுதியில் முதுமையே கிடையாது. மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் குதித்து ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டியது. கடைசி மூன்று அடியில்தான் ஊன்றுகோலும் நடுக்கமும் வருகின்றன. வாழ்க்கை நிலையற்றது என்று விளக்கவும் இல்லை. ‘இருமிடை மிடைந்த சிலசொல்’ என்கிறார், இருமலுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வரும் சில சொற்கள். முதுமை அந்த இருமலில் இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள், அந்த அடி ஒற்று நீங்கலாகப் பத்தெழுத்து. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீராகக் குறுகும் என்பதால் அமைந்தது. பாட்டின் முதல் அடி 14 எழுத்து.

உடம்பு செய்வதைச் சொல்லுங்கள், உடம்பைப் பற்றிச் சொல்லாதீர்கள். ‘தனிமை’, ‘அந்திமம்’, ‘காலத்தின் கோலம்’ என்று எழுதும் இடத்தில் எல்லாம் அன்று காலையில் நடந்த ஒன்றை வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் அகவலிலேயே எழுதிவிடலாமே?

தாராளமாக. ஆங்கில பிளாங்க் வெர்ஸுக்குத் தமிழில் நெருங்கிய உறவு ஆசிரியப்பா என்னும் அகவல்தான். சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை எழுதியபோது பெரும்பாலும் ஆசிரியப்பாவைத்தான் எடுத்தார். ஆனால் அகவல் சீரைக் கணக்கிடுகிறது, எழுத்தை இல்லை. நாற்சீர் அடியில் எழுத்து கூடும், குறையும். சீருக்குள் சொல்லை அடக்க, வகையுளி வைத்து வெட்ட, செய்யுள் சொல் தேட வேண்டியிருக்கும். இன்றைய பேச்சுக்கு அருகில் இருக்க வேண்டும், அதே சமயம் அளவும் வேண்டும் என்றால் பத்தெழுத்து வசதி. ‘கேட்டிருக்கிறேன்’ போன்ற ஐந்தெழுத்து வினையை அகவலில் நுழைத்துப் பாருங்கள், தெரியும். பத்தெழுத்து அடியில் பெரும்பாலும் மூன்று, நான்கு சொல் அடங்கும், ஒரு மூச்சுக்கு அது போதும்.

எனக்கு முப்பது வயது. முதுமை பற்றி எழுதலாமா?

டென்னிசன் டிதோனஸ் கவிதையின் முதல் வரைவை எழுதியது 1833இல், அப்போது அவருக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. சாகா வரம் பெற்று, இளமையை மட்டும் கேட்க மறந்த கிழவன் பேசுகிற பிளாங்க் வெர்ஸ் அது. அச்சில் வந்தது 1860இல். எழுதலாம், இடையில் அத்தனை வருடம் திருத்தவும் தயாராக இருந்தால் இன்னும் நல்லது.

எழுதி முடித்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று முறை படியுங்கள். முதலில் விரல் விட்டு எண்ணி. இரண்டு கைவிரலும் முடியும்போது அடியும் முடிய வேண்டும். எண்ணும்போது பொருளைக் கவனிக்க வேண்டாம். அடுத்து, அடி பிரிப்பை எல்லாம் நீக்கி உரைநடையாகத் தட்டச்சு செய்து படியுங்கள். தமிழாக இருக்கிறதா, அல்லது எண்ணிக்கைக்காக முறுக்கிய வாக்கியமா என்று அப்போது தெரியும். முறுக்கியது தெரிந்தால் வாக்கியத்தை முதலில் நேராக்கிவிட்டு, அப்புறம் அடியாக உடையுங்கள். கடைசியாக, வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். அவர் ஒவ்வொரு அடி முடிவிலும் நின்று நின்று படித்தால் உங்கள் வாக்கியங்கள் இன்னும் அடிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அடி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் உரைநடை போல ஓட்டினால் நிறுத்தங்கள் எல்லாம் நடுவில் போய்விட்டன, அங்கங்கே இரண்டு மூன்று அடியை வாக்கியத்தோடு சேர்த்து முடியுங்கள்.